மன்னிப்புச் சீட்டும் புது வாய்தாவும்

சித்தி வீட்டுக்கு நவம்பர் 1ஆம் தேதி அந்தப் பார்சல் வந்தது. சித்தி இருப்பது திருச்சியில். மகளின் கல்யாணத்துக்காக மூன்று கைத்தறிப் பட்டுப் புடவைகளுக்குக் காஞ்சிபுரத்துப் பக்கம் சொல்லி வைத்திருந்தார். முகூர்த்தப் புடவை 32,000 ரூபாய், வரவேற்புக்கும் மறுவீட்டுக்கும் தலா 11,000, மொத்தம் 54,000. ஆகஸ்ட் 18 அன்று பாதிப் பணமாக 27,000 ரூபாயை முன்பணம் அனுப்பினார். அக்டோபர் 25க்குள் மூன்றும் வந்துவிடும் என்று பேச்சு. ஏழு நாள் கழித்து வந்த பெட்டியில் இரண்டு புடவைகள்தான் இருந்தன. மேலே, மஞ்சள் தடவிய ஒரு சின்ன அட்டை. அதில் கையால் எழுதியிருந்தார்கள்:

"தாமதத்துக்கு மன்னிக்கவும். மழையால் முகூர்த்தப் புடவை முடியவில்லை. நவம்பர் 20 அன்று அனுப்பிவிடுவோம். மீதித் தொகையை அனுப்பி ஒத்துழைப்பு தரவும்."

கல்யாணம் நவம்பர் 27. அட்டையின் பணிவைப் பார்த்துச் சித்திக்கு மனம் இளகிவிட்டது. உடனே போன் போட்டு, "சரிங்க, பரவாயில்ல, பாத்து சீக்கிரம் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். நான் அன்று சாயந்திரம் போனபோது அட்டை குப்பைக்கூடைக்குப் போக இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டோம். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் ஆதாரம்.

கையால் செய்யும் பொருளுக்குச் சொல்லி வைக்கிற எவருக்கும் இப்படிப்பட்ட சீட்டு ஒருநாள் வரும். புடவை, ஆரி வேலை செய்த ஜாக்கெட், தஞ்சாவூர் ஓவியம், பத்தமடைப் பாய் என்று எதுவாக இருந்தாலும் கை வேலையில் தாமதம் இயல்புதான். சீட்டு வைப்பவர்கள் பெரும்பாலும் நாணயமானவர்கள். ஏமாற்ற நினைப்பவர் பாதிப் பொருளை அனுப்பி வருத்தமும் தெரிவித்துக்கொண்டிருக்க மாட்டார். என் பேச்சு அவர்களுடைய நேர்மையைப் பற்றியது அல்ல. அந்தச் சீட்டு வந்த பிறகு நீங்கள் சும்மா இருந்தால் சட்டத்தின் கண்ணில் என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. அது பலருக்குத் தெரியவில்லை.

புதுத் தேதியை ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது ஒப்பந்தம் ஆகாது. அக்டோபர் 25 என்று இருவர் பேசி முடிவு செய்ததை ஒருவர் அட்டையில் எழுதி நவம்பர் 20 ஆக்கிவிட முடியாது. அந்த அட்டை ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். நீங்கள் ஒப்புக்கொண்டால் தேதி மாறும், ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய தேதி அப்படியே நிற்கும். வாங்குபவர் விரும்பினால் அவகாசத்தை நீட்டிக் கொடுக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவில் சொல்கிறது. நீட்டுகிற அதிகாரம் வாங்குபவர் கையில் இருக்கிறது, விற்பவர் கையில் இல்லை.

இதுவரை நமக்குச் சாதகம். ஆபத்து அதே சட்டத்தின் 55ஆம் பிரிவில் இருக்கிறது. சில ஒப்பந்தங்களில் நாள்தான் உயிர். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முகூர்த்தப் புடவையால் யாருக்கும் பயனில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் சொன்ன நாளில் பொருள் வராவிட்டால், வாங்குபவர் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம், நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் அவர் தாமதமாக வந்த பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால், தாமதத்தால் வந்த நஷ்டத்தைப் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே "நஷ்டஈடு கேட்பேன்" என்று விற்றவருக்குத் தெரிவித்திருந்தால் மட்டுமே கேட்கலாம்.

இதில் "ஏற்றுக்கொள்ளும்போதே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாதம் கழித்துக் கோபம் வந்து எழுதும் கடிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது. பொருளை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிற நேரத்திலேயே நான்கு வரி போக வேண்டும். மன்னிப்பு கேட்ட மனிதரிடம் அந்த நேரத்தில் இப்படி எழுதுவது நம் ஊரில் மரியாதைக் குறைவாகத் தோன்றும். சித்திக்கும் அப்படித்தான் தோன்றியது. "பாவம், மன்னிப்பு கேட்டிருக்காங்கடா, அவங்ககிட்ட போய் நஷ்டஈடு கிஷ்டஈடுன்னு…" என்றார். மன்னிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் சித்தி, உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், இரண்டையும் ஒரே செய்தியில் எழுதலாம் என்றேன்.

நாள்தான் உயிர் என்பதை எப்படி நிரூபிப்பது? தேதி எழுதியிருப்பதால் மட்டும் அது நிரூபணமாகிவிடாது. இருவரும் என்ன நினைத்துப் பேசினார்கள் என்பதையே நீதிமன்றம் பார்க்கும். ஆர்டர் கொடுத்த அன்று சித்தி வாட்ஸ்அப்பில், "நவம்பர் 27 கல்யாணம், அதுக்கு முன்னாடி ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யணும், அதனால அக்டோபர் 25 தாண்டக் கூடாதுங்க" என்று எழுதியிருந்தார். சட்டத்தைத் தெரிந்து எழுதவில்லை, கவலையில் எழுதினார். ஆனாலும் அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்தது. நாள் முக்கியம் என்பது விற்பவருக்குத் தெரியும் என்று காட்டியது. தாமதமானால் என்ன நஷ்டம் வரும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும் என்று காட்டியது. இரண்டாவது விஷயம் 73ஆம் பிரிவுக்கு வேண்டும். ஒப்பந்தம் போட்டபோது இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும் இயல்பாக விளையும் நஷ்டத்தையும்தான் அந்தப் பிரிவு ஈடு செய்யச் சொல்கிறது. எதற்காக வாங்குகிறோம், என்றைக்கு வேண்டும் என்பதை ஆர்டரோடு எழுதிவிடாதவர்கள் பின்னால் இதைக் காட்டத் திண்டாடுவார்கள்.

இனி பார்சலின் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். மூன்று கேட்ட இடத்தில் இரண்டு வந்திருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, முன்பே பேசாமல் பொருளைத் தவணை தவணையாக வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு இல்லை. குறைவாக வந்ததை மொத்தமாகத் திருப்பலாம். வைத்துக்கொண்டால் வந்ததற்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும். சித்திக்கு அந்த இரண்டு புடவைகளும் பிடித்திருந்தன, வைத்துக்கொண்டார். அப்போது கணக்கு இப்படி ஆகிறது. இரண்டு புடவைகளின் விலை 22,000. கொடுத்த முன்பணம் 27,000. ஆக, வராத புடவைக்காக விற்பவர் கையில் சித்தியின் 5,000 ரூபாய் ஏற்கனவே இருக்கிறது. அட்டை கேட்ட மீதித் தொகை முழுவதும், அதாவது 27,000 ரூபாயும், இன்னும் நெய்யாத புடவைக்கானது. தாமதமானவர் தாமதத்தை அறிவிக்கிற சீட்டிலேயே முழுப் பணத்தையும் கேட்கிறார். கொடுத்துவிட்டால் சித்தியிடம் பிடி எதுவும் இருக்காது. பொருள் வராத நிலையில் பேச்சுவார்த்தைக்கு வலு சேர்ப்பது கொடுக்காமல் வைத்திருக்கும் பணம்தான். பேச்சில் "பொருள் வந்த பிறகு மீதி" என்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சித்தி அனுப்பிய செய்தி இதுதான். சொற்கள் அவருடையவை, வரிசை மட்டும் நான் சொன்னது.

"வணக்கம். நவம்பர் 1 அன்று இரண்டு புடவைகள் வந்தன, சீட்டும் கிடைத்தது. நன்றி. நாம் பேசியது மூன்றும் அக்டோபர் 25. நேற்று போனில் நான் சரி என்றது இந்த இரண்டு புடவைகளுக்கு மட்டும். முகூர்த்தப் புடவைக்கு நவம்பர் 20 எங்களுக்குச் சரிப்படாது. ஆரி வேலைக்கு நவம்பர் 10க்குள் வேண்டும். அதற்குள் முடியுமா என்று தறியின் போட்டோவோடு 5ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்தப் புடவை ஆர்டரை ரத்து செய்து 5,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். வேறு இடத்தில் அதிக விலைக்கு வாங்க நேர்ந்தால் வித்தியாசத்தையும் கேட்பேன்."

அதில் ஒரு வசவு இல்லை, சட்டப் பிரிவின் எண் இல்லை. ஆனால் வேண்டிய எல்லாம் இருக்கின்றன: எது வந்தது, எது வரவில்லை, பழைய தேதி, புதுத் தேதி ஏற்கப்படவில்லை என்ற மறுப்பு, தன்னால் பொறுக்க முடிந்த கடைசி நாள், ரத்து செய்யும் எண்ணம், நஷ்டம் கேட்கும் எண்ணம். தன்னுடைய கடைசி நாளாகச் சித்தி கல்யாண நாளைச் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். புடவையோடு சேர்ந்து நெய்து வரும் ஜாக்கெட் துணியை வெட்டி, ஆரி வேலைக்குக் கொடுத்து, தைத்து வாங்க வேண்டும். உண்மையான கெடு தையல்காரரின் நாள்தான். பலர் விசேஷ நாளையே கெடுவாகச் சொல்லிவிட்டு, முதல் நாள் இரவு வந்து சேர்ந்த துணியை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள்.

தறியின் போட்டோ கேட்டதற்குக் காரணம் உண்டு. கைவேலையில் புதுத் தேதி நம்பக்கூடியதா என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் சொல்லலாம். காஞ்சிபுரம் புடவையில் முதலில் பட்டு நூலுக்குச் சாயம் போட வேண்டும். பிறகு பாவு ஓட்டி, அதைத் தறியில் ஏற்றி, பழைய பாவின் நுனியோடு ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நெசவு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா ஓடும், பக்கத்தில் உட்கார்ந்து உதவ இன்னொரு ஆள் வேண்டும். இருவரும் முழு நாளும் உட்கார்ந்தாலும் வேலைப்பாட்டைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஆகவே தறியில் பாதி நெய்த புடவை தெரிந்தால் பத்து நாள் வாய்தாவை நம்பலாம். பாவே ஏறவில்லை என்றால் அந்தத் தேதி விற்பவரின் ஆசை மட்டுமே.

மூன்று நாளில் போட்டோ வந்தது. தறியில் வேறு யாருடையதோ நீலப் புடவை இருந்தது. சித்தி கேட்டிருந்த அரக்கு நிறப் பாவு தறியில் ஏறவே இல்லை. அந்தப் போட்டோவை நேர்மையாக அனுப்பியதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "10க்குள்ள கஷ்டம்தாங்க" என்றும் எழுதியிருந்தார். 5ஆம் தேதி சித்தி முகூர்த்தப் புடவையை மட்டும் ரத்து செய்வதாக எழுத்தில் சொல்லிவிட்டு, திருச்சியிலேயே அதே ரகத்தில் 37,500 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்கினார். வித்தியாசம் 5,500. பில்லைப் பத்திரப்படுத்தினோம். பேசிய விலைக்கும் சந்தையில் வாங்க நேர்ந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் நஷ்டத்துக்கு வழக்கமான அளவுகோல். அதனால் அதே ரகத்தில் வாங்க வேண்டும். 32,000 ரூபாய்ப் புடவைக்குப் பதில் 60,000 ரூபாய்ப் புடவை வாங்கிவிட்டு மீதியைக் கேட்டால் நிற்காது.

விற்றவர் 5,000 ரூபாயை இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பினார். வித்தியாசத் தொகைக்கு மட்டும் இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். ஒன்று, "நீங்களே அன்னைக்குப் போன்ல சரின்னு சொன்னீங்களேம்மா." இன்னொன்று, மழை.

முதல் காரணம்தான் நான் பயந்தது. எழுத்தில் இல்லாத "சரி"யும் சம்மதம்தான். போனில் அவகாசம் கொடுத்துவிட்டதாக எதிர்த்தரப்பு சொன்னால், வழக்கில் இரு பக்கமும் பேச இடமிருக்கும். மறுநாள் காலையிலேயே எதற்குச் சரி சொன்னோம் என்று எழுதிவிட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. பத்து நாள் விட்டிருந்தால் அந்த மறுப்புக்கு மதிப்பு இருந்திருக்காது. சீட்டு வந்தவுடன் போன் செய்யாதீர்கள், முதலில் எழுதுங்கள். பேசத்தான் வேண்டும் என்றால் பேசி முடித்ததும் பேசியதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

மழை பற்றிய காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பொய் இல்லை. காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் இன்னும் குழித்தறிகள்தான். நெசவாளர் கால் வைக்கும் குழியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஊறும். ஈரத்தில் பாவு இழுக்காது, தெருவில் விடியற்காலை பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கவும் வழியிருக்காது. நெசவாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் கஷ்ட காலம். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கும் என்பது ஆகஸ்டில் முன்பணம் வாங்குகிறவருக்குத் தெரியாததல்ல. எதிர்பார்க்கவே முடியாத வெள்ளமோ புயலோ வந்தால் விற்பவரைக் குறை சொல்ல முடியாது. வழக்கமாக வரும் மழை அந்தக் கணக்கில் சேராது என்பதே என் முடிவு. மழையைக் கணக்கில் சேர்த்து டிசம்பர் என்று சொல்லியிருக்கலாம், அல்லது ஆர்டரை எடுக்காமல் இருந்திருக்கலாம். அதோடு, சித்தியின் கோரிக்கை தறியில் உட்காரும் நெசவாளர்மேல் இல்லை. பணம் வாங்கி, தேதி சொன்ன விற்பனையாளர்மேல்தான். நெசவாளருக்குக் கூலி மட்டும் கிடைக்கும் அமைப்பில், தாமதத்தின் பழியும் அவர் தலையில் விழக் கூடாது.

இணையத்தில் கடை வைத்து விற்பவர்களுக்கு இதையே 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இன்னும் நேராகச் சொல்கின்றன. அறிவித்த தேதியைத் தாண்டி வந்த பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பதும் அந்த விதிகளில் உண்டு. வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் விற்பவர் என்றாலும் அதைத் தொழிலாகத் தொடர்ந்து செய்கிறவர் என்றால் "நான் சின்ன ஆள்" என்று சொல்லித் தப்ப முடியாது. எப்போதோ ஒருமுறை தன் பழைய பொருளை விற்கும் தனிநபருக்குத்தான் அந்த விதிகள் பொருந்தாது.

பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக வாங்கியிருந்தால் சீட்டு இன்னொரு வகையில் சிக்கலாகும். பார்சல் உங்கள் கையில் வந்த நொடியில் கூரியர்க்காரர் ஒப்படைத்துவிட்டதாகப் பதிவு செய்துவிடுவார். தளத்தின் கணக்கில் முழு ஆர்டரும் முடிந்துவிட்டது. திருப்பி அனுப்ப ஏழு நாளோ பத்து நாளோ கொடுத்திருந்தால் அது அன்றே ஓடத் தொடங்கும். சீட்டோ இருபது நாள் பொறுக்கச் சொல்கிறது. நீங்கள் பொறுத்திருந்தால் தளம் தரும் பாதுகாப்பு முடிந்துவிடும், பிறகு உங்களுக்கும் விற்பவருக்கும் இடையில் நம்பிக்கை மட்டும்தான். கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்களுக்கும் இதே கதை. பொருள் வரவில்லை என்று வங்கியிடம் முறையிடக் காலக்கெடு உண்டு. வாய்தாக்கள் அதைக் கரைத்துக்கொண்டே போகும். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு, எடை, உள்ளே இருந்தவை, மன்னிப்புச் சீட்டு எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியட்டும். அன்றே தளத்தில் "முழுமையாக வரவில்லை" என்று பதிவு செய்து சீட்டின் படத்தையும் இணையுங்கள். மீதிப் பொருள் வரவில்லை என்பதற்கு விற்பவரே கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சி அது.

சீட்டில் ஒரு கியூஆர் கட்டம் அச்சாகியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். மீதித் தொகைக்கு என்றோ, தாமதத்துக்குப் பரிகாரமாகப் பணம் திருப்பித் தருகிறோம் என்றோ அதில் போட்டிருக்கலாம். பணம் பெறுவதற்கு யாரும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணைப் போட வேண்டியதும் இல்லை. அப்படிக் கேட்டால் அது திருட்டு. நேர்மையான விற்பவரின் பார்சலிலும் நடுவில் யாரோ சீட்டை நுழைத்திருக்கலாம் என்பதால், ஆர்டர் கொடுத்தபோது பேசிய அதே எண்ணில் கேட்டு உறுதி செய்த பிறகே எதையும் செய்யுங்கள். சீட்டில் இருக்கும் எண்ணில் கேட்பது திருடனிடமே விசாரிப்பதாக முடியலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நெருக்கடியில் வரும் புடவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுத் தேதியைக் காப்பாற்ற விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கோர்வைப் புடவை என்று சொல்லி வாங்கியிருந்தால் கரையைப் பாருங்கள். கோர்வையில் உடலின் ஊடை நூல் கரைக்குள் போகாது, எனவே கரையின் நிறம் சுத்தமாக இருக்கும். உடலும் கரையும் சேரும் இடத்தைப் பின்புறம் திருப்பினால் இரண்டு நிற நூல்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்புவது தெரியும். உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்து மங்கலாகத் தெரிந்தால் அது கோர்வை அல்ல. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சந்தேகம் என்றால் உடுத்தாமல், வெட்டாமல், உடனே எழுதுங்கள். நியாயமான நாளுக்குள் மறுக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். மறுத்துவிட்டதைத் தெரிவித்தால் போதும், வேறு பேச்சு இல்லாதபோது சொந்தச் செலவில் திருப்பி அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை.

சித்தி விஷயத்தில் வித்தியாசத் தொகைக்காக நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். தமிழிலேயே பேசலாம், செலவு கிடையாது. சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், புதுப் புடவையின் பில் எல்லாம் கேட்டார்கள். அந்த உதவி மையம் தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல. புகாரை விற்பவருக்கு அனுப்பிப் பதில் கேட்கும், சமரசத்துக்கு வழி செய்யும், அவ்வளவுதான். பதிலே சொல்லாத விற்பவரை அது கட்டாயப்படுத்த முடியாது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. விற்றவர் போன் செய்து 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், சித்தி ஒப்புக்கொண்டார். 5,500க்கும் எங்களுக்கு உரிமை இருந்தது என்றே இப்போதும் நினைக்கிறேன். சித்தி மனம் ஆறியதால் விட்டுவிட்டேன்.

அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. திருச்சிக்காரர் காஞ்சிபுரம் அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், e-jagriti.gov.in தளத்தில் இணையம் வழியாகவே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு புதுச் சீட்டும் அந்த இரண்டு ஆண்டை நீட்டித் தரும் என்று நம்பிவிடாதீர்கள், முதலில் பேசிய தேதி தவறியதிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடைமுறையில் பல வழக்குகள் அதற்கு மேல் இழுக்கின்றன. மன உளைச்சலுக்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த அலைச்சல் தேவையா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் தயங்காதீர்கள் என்பேன்.

கையால் செய்து விற்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பார்சலுக்குள் சீட்டு வைப்பது தாமதமான அறிவிப்பு. தாமதம் உங்களுக்கு அக்டோபர் 15 அன்றே தெரிந்திருக்கும், அன்றே சொல்லுங்கள். எது முடிந்தது, எது தறியில் இருக்கிறது என்று எழுதுங்கள். "காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி இல்லாத மன்னிப்பு, அடுத்தவர் சம்மதத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. பாதிப் பொருளை அனுப்பும்போது முழுப் பணத்தையும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டு அலமாரியில் இப்போது அப்படி ஒரு சீட்டு இருந்தால், எடுத்துப் படம் பிடியுங்கள். பழைய தேதி எது, உங்களுக்கு எந்த நாள்வரை பொறுக்க முடியும், அது தவறினால் என்ன செய்வீர்கள் என்று நான்கு வரி எழுதி இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவே எழுதுங்கள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.